"ஏன் இப்படிச் செய்தாய்?" – வைவாவில் மெத்தடாலஜி கேள்விகளுக்குத் தயாராவது எப்படி

இறுதியாண்டு எம்.இ., எம்.டெக். நண்பர்களுக்கு வைவா நெருங்குகிறது. பிபிடி ரெடி, டெமோ ரெடி, பைண்டிங்கும் போட்டாச்சு. ஆனால் பிபிடி முடிந்த பிறகு வெளித்தேர்வாளர் (எக்ஸ்டர்னல்) பேனாவை மூடி வைத்துவிட்டு, "சரிப்பா, இதை ஏன் இப்படிச் செஞ்சே?" என்று கேட்பாரே, அந்த இருபது நிமிடத்துக்கு நம்மில் பலர் தயாராவதே இல்லை.

ரிசல்ட் சாப்டரை மனப்பாடம் செய்துகொண்டு போகிறோம். அவரோ மூன்றாவது சாப்டரைத் திறக்கிறார். காரணம் எளிது. ரிசல்ட் உங்களுடையது, அதைச் சரிபார்க்க அவரிடம் உங்கள் டேட்டா கிடையாது. மெத்தடாலஜி அவருக்கும் தெரிந்த விஷயம். அங்கே நீங்கள் எடுத்த ஒவ்வொரு முடிவையும் அவர் எடைபோட முடியும்.

அந்த இருபது நிமிடத்தில் வரும் கேள்விகள் வெவ்வேறாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒரே கேள்விதான்: "நீ வேறு மாதிரி செய்திருந்தால் உன் முடிவு மாறியிருக்குமா?" இதற்குப் பதில் சொல்ல மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும். வேறு என்ன வழிகள் இருந்தன, ஏன் இந்த வழி, இந்த வழியால் எதை இழந்தோம். மூன்றாவதைத்தான் நாம் யாரும் தயார் செய்வதில்லை.

பொதுவாகச் சொன்னால் புரியாது. நமக்குத் தெரிந்த ஊரை வைத்து ஒரு மாதிரி தீசிஸைப் பார்ப்போம்.

மாதிரி தீசிஸ்

புதுச்சேரியிலிருந்து ஈசிஆரில் மரக்காணம் போகும் வழியில் கீழ்புத்துப்பட்டு. கிழக்கே வங்காள விரிகுடா. வடமேற்கே கழுவெளி, அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் உவர்நீர் ஏரி. இன்னும் வடக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள். உப்பு மூன்று பக்கமும் இருக்கிறது.

இங்கே ஒரு சுற்றுச்சூழல் பொறியியல் மாணவி, கீழ்புத்துப்பட்டு முதல் மரக்காணம் வரை 24 கிணறுகளில் தண்ணீர் எடுத்து, குளோரைடு அளந்து, ஜிஐஎஸ்-ல் மேப் போட்டு, "இப்பகுதியில் கடல்நீர் ஊடுருவல் உள்ளது" என்று முடித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தீசிஸ் கற்பனை, கீழே வரும் அளவீடுகளும் கணக்குக்காகப் போட்டவை. ஆனால் கேள்விகள் எல்லாம் அசல்.

கேள்வி 1: "ஏன் இந்தக் கிணறுகள்?"

வழக்கமாக வரும் பதில்: "ரேண்டமா எடுத்தோம் சார்." இதைச் சொன்ன நொடியே மாட்டிக்கொள்வீர்கள். ரேண்டம் என்றால் ஊரில் உள்ள எல்லாக் கிணறுகளின் பட்டியல் கையில் இருந்து, அதிலிருந்து குலுக்கி எடுத்திருக்க வேண்டும். நாம் செய்தது என்ன? ஈசிஆரில் பைக்கில் போனோம், ரோட்டோரம் கிணறு தெரிந்த இடத்தில் நிறுத்தினோம், வீட்டுக்காரர் சரி என்றால் பாட்டிலில் பிடித்தோம். அதற்குப் பெயர் வசதி மாதிரி, கன்வீனியன்ஸ் சாம்பிளிங். அதைச் செய்வது குற்றமில்லை, அதை ரேண்டம் என்று சொல்வதுதான் குற்றம்.

அடுத்து எக்ஸ்டர்னல் மேப்பைப் பார்ப்பார். "இங்க நடுவுல மட்டும் புள்ளியே இல்லையே, ஏன்?" கீழ்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. உள்ளே போய் மாதிரி எடுக்க அனுமதி வாங்க வேண்டும். நம் மாதிரி மாணவி வாங்கவில்லை, நேரமும் இல்லை. இதை மறைக்காமல் சொல்வதுதான் சரி: "முகாமுக்குள் அனுமதி வாங்காததால் அங்கே எடுக்கவில்லை சார். அங்குள்ள குடிநீர் பற்றி என் தீசிஸ் எதுவும் சொல்லாது." இந்த இரண்டாவது வாக்கியம்தான் முக்கியம். என்ன இழந்தோம் என்பதை நீங்களே சொல்லிவிட்டீர்கள், அவர் தோண்டி எடுக்க வேண்டியதில்லை.

கூடவே "எப்போ எடுத்தே?" என்றும் கேட்பார். பிப்ரவரியில் ஒரே தடவை என்றால், அது வடகிழக்குப் பருவமழை முடிந்து சில வாரங்கள் ஆன சமயம். "மழை முடிஞ்சதால உப்பு குறைவாத்தான் இருக்கும், கோடையில் இதைவிட அதிகம்" என்று அவசரப்பட்டுச் சொல்லாதீங்க. மழை தண்ணீரை நீர்க்கச் செய்யும், சில இடங்களில் மேல்மண்ணில் தங்கிய உப்பைக் கரைத்துக் கீழே இறக்கவும் செய்யும். ஒரே தடவை எடுத்த டேட்டாவால் இரண்டில் எது நடந்தது என்று சொல்ல முடியாது. "இது பிப்ரவரி நிலவரம் மட்டும்" என்று நிறுத்திக்கொள்வதே பாதுகாப்பு.

கேள்வி 2: "இந்த எண்ணை எப்படி நம்புவது?"

குளோரைடுக்கு நாம் எல்லோரும் செய்வது மோர் முறை. சில்வர் நைட்ரேட் டைட்ரேஷன், பொட்டாசியம் குரோமேட் இண்டிகேட்டர், செங்கல் நிறம் வந்தால் முடிவு. "ஏன் இந்த முறை?" என்றால் "ஸ்டாண்டர்ட் மெத்தட் சார்" என்பது பாதிப் பதில்தான். எங்கே தப்பு வரும் என்று தெரிந்திருப்பதுதான் மீதிப் பாதி.

தப்பு கண்ணில் வரும். செங்கல் நிறம் எப்போது வந்தது என்று இரண்டு பேர் பார்த்தால் 0.2 மில்லி வித்தியாசப்படலாம். 0.0141 நார்மல் கரைசலில் ஒரு மில்லி என்பது 0.5 மில்லிகிராம் குளோரைடு. 10 மில்லி தண்ணீரை எடுத்து நீர்க்கச் செய்து டைட்ரேட் செய்தால் 0.2 மில்லி பிழை என்பது லிட்டருக்கு 10 மில்லிகிராம். உப்பு அதிகமென்று 1 மில்லி மட்டும் எடுத்திருந்தால் அதே பிழை 100 மில்லிகிராம் ஆகிவிடும். ஆகவே "எவ்வளவு நீர்க்கச் செய்தாய்?" என்று அவர் கேட்பது சும்மா கேட்பதல்ல. எந்தக் கிணற்றுக்கு எத்தனை மில்லி எடுத்தோம் என்று ரெக்கார்ட் நோட்டில் இருக்க வேண்டும்.

இரண்டாவது சோதனை அயனிச் சமநிலை. தண்ணீரில் நேர் மின்சுமையும் எதிர் மின்சுமையும் சமமாக இருந்தாக வேண்டும். ஒரு கிணற்றை எடுத்துக்கொள்வோம். லிட்டருக்கு மில்லிகிராமில் சோடியம் 345, கால்சியம் 160, மக்னீசியம் 85, குளோரைடு 710, பைகார்பனேட் 366, சல்பேட் 144. ஒவ்வொன்றையும் அதன் சமான எடையால் வகுத்தால் மில்லி ஈக்விவலன்ட் கிடைக்கும்.

நேர் அயனிகள்: 15 + 8 + 7 = 30
எதிர் அயனிகள்: 20 + 6 + 3 = 29
பிழை = (30 − 29) ÷ (30 + 29) × 100 = 1.7 சதவீதம்

பொதுவாக 5 சதவீதத்துக்குள் இருந்தால் ஏற்பார்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது, கவனிங்க. லேபில் ஃப்ளேம் போட்டோமீட்டர் ரிப்பேர் என்றால் சிலர் சோடியத்தை அளக்காமல், எதிர் அயனிகளின் கூட்டுத்தொகையிலிருந்து கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கழித்து, மிச்சத்தைச் சோடியம் என்று எழுதிவிடுவார்கள். அப்படிச் செய்தால் பிழை எல்லாக் கிணற்றுக்கும் சுத்தமாகப் பூஜ்யம் வரும். அனுபவமுள்ள எக்ஸ்டர்னல் அந்த வரிசைப் பூஜ்யங்களைப் பார்த்ததுமே "சோடியம் அளந்தியா, கணக்குப் போட்டியா?" என்று கேட்டுவிடுவார். கணக்குப் போட்டிருந்தால் ஒத்துக்கொண்டு, அயனிச் சமநிலையை ஒரு சோதனையாகக் காட்டாமல் விட்டுவிடுங்கள். அது அங்கே எதையும் சோதிக்கவில்லை.

கேள்வி 3: "ஏன் ஐடிடபிள்யூ? கிரிகிங் ஏன் இல்லை?"

மேப் போட்ட எல்லோருக்கும் இந்தக் கேள்வி உறுதி. "சாஃப்ட்வேர்ல டீஃபால்ட் அதுதான் மேடம்" என்று உண்மையைச் சொன்னால் மார்க் போகும். "ஐடிடபிள்யூதான் துல்லியம்" என்று பொய் சொன்னால் இன்னும் போகும்.

கிரிகிங் செய்ய வேரியோகிராம் வேண்டும். அதாவது, தூரம் கூடக் கூட இரண்டு கிணறுகளின் மதிப்பு எவ்வளவு வேறுபடுகிறது என்ற வரைபடம். அது நம்பும்படி வர குறைந்தது ஐம்பது புள்ளியாவது வேண்டும், நூறு இருந்தால் நல்லது. 24 வைத்துப் போட்டால் வரும் கோடு நம் இஷ்டத்துக்கு வளையும். ஆகவே, "24 புள்ளிக்கு வேரியோகிராம் நிலையாக வரவில்லை, அதனால் ஐடிடபிள்யூ எடுத்தேன்" என்பது நியாயமான பதில். வேரியோகிராமை உண்மையிலேயே போட்டுப் பார்த்திருந்தால் மட்டும் இதைச் சொல்லுங்கள்.

அடுத்து, "சரி, எவ்வளவு தப்பு வருது?" என்பார். இதற்கு ஒரு மாலை நேரம் போதும். ஒரு கிணற்றை மறைத்துவிட்டு மீதி 23-ஐ வைத்து அந்த இடத்தின் மதிப்பைக் கணிக்க வேண்டும். இப்படி 24 தடவை. கணிப்புக்கும் அளவுக்கும் உள்ள வித்தியாசத்தின் ஆர்எம்எஸ் மதிப்பைச் சொன்னால் அதுதான் உங்கள் மேப்பின் பிழை. வைவாவுக்கு முந்தின வாரம்கூடச் செய்யலாம்.

ஆனால் அந்த மேப்பில் இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. ஐடிடபிள்யூ எல்லா இடத்துக்கும் நிறம் பூசிவிடும். நாம் மாதிரியே எடுக்காத முகாமுக்கும் பூசும், கடலுக்குள்ளும் பூசும். முகாம் இருக்கும் இடம் பச்சையாக வந்தால், பார்ப்பவர் அங்கே தண்ணீர் நல்லது என்று நினைப்பார். யாரும் அளக்கவே இல்லை என்பது நிறத்தில் தெரியாது. முதல் கேள்விக்கு "அங்கே என் தீசிஸ் எதுவும் சொல்லாது" என்றோமே, இப்போது மேப் அதற்கு எதிராகப் பேசுகிறது. கிணறுகளிலிருந்து தூரமான பகுதியை வெட்டி வெள்ளையாக விடுவதுதான் சரி. பைண்டிங் போட்டாச்சு என்றாலும் பிபிடியில் திருத்திய மேப்பைக் காட்டி, "தீசிஸில் உள்ளது தவறான எண்ணம் தரும், அதனால் மாற்றினேன்" என்று சொல்லலாம்.

கேள்வி 4: "இது கடல் உப்பா, உப்பள உப்பா?"

இதுதான் தீசிஸையே தூக்கிப் போடும் கேள்வி. அதனால் இதற்குக் கொஞ்சம் நேரம் எடுப்போம்.

நம் மாணவி, "குளோரைடு அதிகம், சோடியம்–குளோரைடு விகிதம் கடலோடு ஒத்துப்போகிறது, எனவே கடல்நீர் ஊடுருவல்" என்கிறார். மேலே பார்த்த கிணற்றில் விகிதம் 15 ÷ 20 = 0.75. கடல்நீரில் அது சுமார் 0.86. கடல்நீர் புதிதாக நல்ல நீர்ப் படுகைக்குள் நுழையும்போது களிமண் சோடியத்தைப் பிடித்துக்கொண்டு கால்சியத்தை விடும், அதனால் விகிதம் 0.86-க்குக் கீழே இறங்கும். புத்தகப்படி எல்லாம் சரி.

எக்ஸ்டர்னல் இப்போது கேட்பார்: "உப்பளப் பாத்தியில இருக்கிற தண்ணியும் கடல் தண்ணிதானேம்மா? அது கசிஞ்சு இறங்கினாலும் இதே 0.75 வருமே. கழுவெளிப் பக்கமிருந்து வந்தாலும் வருமே. எப்படிப் பிரிச்சே?"

பிரிக்கவில்லை. அந்த முறையால் பிரிக்கவும் முடியாது. மூன்று மூலத்துக்கும் தாய் ஒன்றே. மூன்றும் ஒரே விடையைத் தரும்போது, அந்த விடை மூன்றில் எதையும் நிரூபிக்காது. கிடைத்த டேட்டா நம் முடிவோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்த்தோம், வேறு முடிவோடும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கவில்லை.

பிரிக்க என்ன செய்யலாம்? விலையுயர்ந்த கருவியைத் தேடும் முன், லெவலிங் ஸ்டாஃபையும் அளவு டேப்பையும் எடுங்கள். கடற்கரையில் நல்ல நீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. உப்புநீரின் அடர்த்தி 1.025, நல்ல நீர் 1.000. கைபன்–ஹெர்ஸ்பர்க் கணக்குப்படி, நிலத்தடி நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் இருந்தால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் வரை நல்ல நீர் நிற்கும்.

நம் கிணறு இருக்கும் தரை கடல் மட்டத்திலிருந்து 6 மீட்டர் உயரம், கிணற்றின் ஆழம் 12 மீட்டர், தண்ணீர் தரையிலிருந்து 4.5 மீட்டர் கீழே என்று வைப்போம். அப்படியானால் நீர்மட்டம் கடலுக்கு மேல் 1.5 மீட்டர். உப்பு–நல்ல நீர் எல்லை சுமார் 60 மீட்டர் கீழே இருக்க வேண்டும். கிணற்றின் அடியோ கடல் மட்டத்துக்கு 6 மீட்டர் கீழேதான். அடியிலிருந்து ஏறிவரும் கடல்நீர் இந்தக் கிணற்றைத் தொட இன்னும் 54 மீட்டர் மேலே வர வேண்டும். ஆனாலும் குளோரைடு 710. அப்படியென்றால் உப்பு மேலேயிருந்தோ பக்கவாட்டிலோ வந்திருக்க வாய்ப்பு அதிகம். தீசிஸின் தலைப்பே ஆட்டம் காண்கிறது.

இந்தக் கணக்கையும் கண்ணை மூடி நம்பக் கூடாது. எல்லை என்பது கோடு அல்ல, கலவை மண்டலம். பக்கத்தில் போர்வெல் ஓடினால் உப்புநீர் மேலே இழுபடும். நடுவில் களிமண் அடுக்கு இருந்தால் கணக்கே வேறு. எல்லாவற்றையும்விட, தரை உயரத்தைக் கையில் வைத்திருக்கும் ஜிபிஎஸ்-ல் எடுத்திருந்தால் எல்லாம் போச்சு. அதில் 5 மீட்டர் பிழை சாதாரணம். நீர்மட்டம் 1.5 மீட்டரா, மைனஸ் 3.5-ஆ என்று தெரியாத நிலையில் 40-ஆல் பெருக்குவதில் அர்த்தமில்லை. தெரிந்த பெஞ்ச்மார்க்கிலிருந்து ஆட்டோ லெவல் வைத்து எடுத்தால்தான் அந்த எண் பேசும். "நீர்மட்டம் தரையிலிருந்தா, கடல் மட்டத்திலிருந்தா?" என்று எக்ஸ்டர்னல் கேட்டால், அவர் இந்த இடத்துக்குத்தான் வருகிறார் என்று புரிந்துகொள்ளுங்கள்.

சிலர் தப்பிக்க "புரோமைடு பார்த்தா தெரிஞ்சிடும் சார்" என்பார்கள். இங்கேயும் உஷார். கடல்நீர் வெயிலில் சுண்டும்போது குளோரைடும் புரோமைடும் சேர்ந்தே கூடும், விகிதம் மாறாது. உப்பு படிகமாக விழத் தொடங்கிய பிறகுதான் மாறும், ஏனென்றால் குளோரைடு உப்போடு போய்விட, புரோமைடு பெரும்பாலும் மிஞ்சும் நீரிலேயே தங்கிவிடும். ஆகவே உப்பு எடுத்த பிறகு மிஞ்சும் கசப்பு நீர் கசிந்தால் புரோமைடு காட்டிக்கொடுக்கலாம். முதல் பாத்திகளில் நிற்கும் தண்ணீர் கசிந்தால் காட்டிக்கொடுக்காது. அதற்கு ஆக்சிஜன், ஹைட்ரஜன் ஐசோடோப்புகள் உதவும், ஏனெனில் ஆவியான நீர் அவற்றில் தடம் விட்டிருக்கும். பெயரை மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டு செய்யாத முறையைச் சொன்னால், அடுத்த கேள்வி அதிலிருந்துதான் வரும்.

நம் மாணவிக்கு நல்ல பதில் இப்படி இருக்கும்: "சார், என் முறை உப்பு எங்கே, எவ்வளவு என்று காட்டுகிறது. மூலத்தைப் பிரிக்காது. கடல், உப்பளம், கழுவெளி மூன்றும் இதே விகிதத்தைத் தரும். முடிவில் 'ஊடுருவல் உள்ளது' என்று எழுதியது அதிகம், 'உவர்ப்பு உள்ளது, மூலம் உறுதியாகவில்லை' என்றுதான் எழுதியிருக்க வேண்டும். பிரிக்க வேண்டுமென்றால் முதலில் நீர்மட்டத்தைக் கடல் மட்டத்தோடு இணைத்து அளப்பேன், ஒரே இடத்தில் ஆழமில்லாத கிணறும் ஆழமான போர்வெல்லும் சேர்த்து எடுப்பேன்." அடியில் உப்பு அதிகம் என்றால் சந்தேகம் கடல் பக்கம் போகும், மேலே அதிகம் என்றால் கசிவுப் பக்கம் போகும். நம் 24-ல் இரண்டு ரகமும் கலந்து ஒரே மேப்பில் இருப்பதால் அதைக்கூடப் பார்க்க முடியவில்லை.

இதில் மார்க் மட்டுமா விஷயம்? ஊடுருவல் என்று எழுதினால் அதைப் படிப்பவர் விவசாயப் போர்வெல்களைக் குறைக்கச் சொல்வார். கசிவு என்றால் பாத்திகளின் அடித்தளத்தையும் வாய்க்காலையும் பார்க்கச் சொல்வார். தப்பான மூலத்தை எழுதினால் சம்பந்தமில்லாத ஒருவர் தலையில் அது விடியும்.

இனி உங்கள் தீசிஸுக்கு

உங்கள் துறை எதுவாகவும் இருக்கட்டும். மூன்றாவது சாப்டரை எடுத்து, நீங்கள் ஒரு முடிவு எடுத்த இடங்களை எல்லாம் பென்சிலால் கோடிடுங்கள். பத்துப் பன்னிரண்டு வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளில் நாலு வரி:

1. என்ன செய்தேன் (24 கிணறு, ரோட்டோரம், பிப்ரவரி).
2. வேறு என்ன செய்திருக்கலாம் (கட்டம் போட்டு எடுப்பது, இரண்டு பருவம்).
3. ஏன் செய்யவில்லை. உண்மையான காரணம் மட்டும். நேரமும் பணமும் நியாயமான காரணங்கள்தான்.
4. அதனால் எந்த வாக்கியத்தை நான் சொல்ல முடியாது.

நாலாவது வரியை எழுதி முடித்ததும் கன்க்ளூஷன் சாப்டரைத் திறந்து வைத்து ஒப்பிடுங்கள். "சொல்ல முடியாது" என்று எழுதிய வாக்கியம் அங்கே சொல்லப்பட்டிருந்தால், எக்ஸ்டர்னல் கேட்கப்போகும் கேள்வி அதுதான். அதைக் கைடிடம் இப்போதே காட்டிப் பேசுங்கள், வைவா அன்று காலையில் அல்ல.

பிறகு அந்தத் தாளை வேறு துறை நண்பனிடம் கொடுத்து, ஒவ்வொரு வரிக்கும் "அதனால என்ன?" என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள். நம் துறை ஆட்கள் நம்மைப் போலவே யோசிப்பதால் ஓட்டை அவர்களுக்குத் தெரியாது. மெக்கானிக்கல்காரன்தான் கேட்பான்: "ஏன்டா, கடல்ல எதுக்குடா பச்சைக் கலர் அடிச்சு வச்சிருக்கே?"